டெப்ட் ஃபண்ட் லாபத்துக்கு வரி: எந்த யூனிட், எந்தத் தேதி?

கேள்வி: எனக்கு வயது 56. தனியார் நிறுவனத்தில் வேலை. பழைய வரி முறையில் 30% வரம்பில் இருக்கிறேன். 2028-ல் ஓய்வு. ஒரு கார்ப்பரேட் பாண்ட் ஃபண்டில், ஒரே ஃபோலியோவில் மூன்று முறை பணம் போட்டிருக்கிறேன். 2021 ஜூன் 14 அன்று 3 லட்சம். 2023 மார்ச் 31 அன்று 1,35,000. 2024 ஜனவரி 10 அன்று 2,28,000. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2026 பிப்ரவரியில் 5,20,000 ரூபாய் எடுக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டாவது தொகை வங்கிக் கணக்கிலிருந்து மார்ச் 31 அன்றே போய்விட்டது, ஆனால் ஸ்டேட்மென்டில் ஏப்ரல் 3 என்று இருக்கிறது. எந்தத் தேதி சரி? ஏப்ரல் வரை காத்திருந்தால் அதற்கும் மூன்று வருஷம் முடிந்து இண்டெக்சேஷன் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். 1.25 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார் இன்னொருவர். எவ்வளவு வரி வரும்?

பதில்: நண்பர்கள் இருவரும் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. முதலில் அதை முடித்துவிடுவோம். ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லாத சலுகை, பட்டியலிடப்பட்ட பங்குகள், பங்கு சார்ந்த ஃபண்டுகள் போன்றவற்றில் கிடைக்கும் நீண்ட கால ஆதாயத்துக்கு மட்டும்தான். உங்கள் கார்ப்பரேட் பாண்ட் ஃபண்ட் போன்ற டெப்ட் ஃபண்டில் அது ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. இண்டெக்சேஷன், அதாவது வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது, 2024 ஜூலை 23 முதல் விற்கும் ஃபண்ட் யூனிட்களுக்கு இல்லை. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் பழைய கணக்கைத் தேர்ந்தெடுக்கும் வழியை விட்டுவைத்திருக்கிறார்கள். டெப்ட் ஃபண்டுக்கு அந்த வழி இல்லை.

இதில் உங்களுக்கு இழப்பு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கீழே நான் எடுத்துக்கொள்ளும் விலைகளின்படி, உங்கள் 2021 முதலீட்டுக்குப் பழைய முறையில், 2025-26 நிதியாண்டின் பணவீக்கக் குறியீடான 376-ஐ வைத்து 20% கணக்குப் போட்டால் வரி சுமார் 6,830 ரூபாய்தான் வந்திருக்கும். இப்போது 11,250 ரூபாய் வருகிறது. அந்தக் கணக்கை இனி மறந்துவிடுங்கள்.

சரி, இப்போது சட்டம் உங்கள் யூனிட்களை எப்படிப் பிரிக்கிறது என்று பார்ப்போம். எல்லாம் 2023 ஏப்ரல் 1 என்ற ஒரு தேதியைச் சுற்றித்தான் இருக்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய டெப்ட் ஃபண்ட் யூனிட்டை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், அதில் வரும் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயமாகவே கருதப்படும். மூன்று வருஷம் என்றாலும் பத்து வருஷம் என்றாலும் அதே கதைதான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50ஏஏ பிரிவு இதைச் சொல்கிறது. அந்த லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரம்புக்கு உரிய விகிதத்தில் வரிக்கு வரும். உங்களுக்கு அது 30%.

2023 மார்ச் 31 அல்லது அதற்கு முன் வாங்கிய யூனிட்களுக்குக் குறுகிய காலம், நீண்ட காலம் என்ற பழைய பிரிவினை தொடர்கிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அது நீண்ட கால ஆதாயம், வரி 12.5%. இன்றைய நிலையில் ஒரு வசதி என்னவென்றால், அந்தத் தேதிக்கு முன் வாங்கிய எல்லா யூனிட்டும் 24 மாதத்தைத் தாண்டிவிட்டன. ஆகவே இனி மாதங்களை எண்ண வேண்டிய தேவையே இல்லை. யூனிட் கிடைத்த தேதி 2023 ஏப்ரல் 1-க்கு முன்னா, பின்னா என்பது மட்டும்தான் கேள்வி. 'மூன்று வருஷம்' என்பது பழைய சட்டத்திலிருந்து மனதில் தங்கிவிட்ட கணக்கு. ஏப்ரல் 3 வரை காத்திருந்தாலும் இரண்டாவது முதலீட்டின் வரி விகிதம் மாறாது.

அடுத்து, எந்தத் தேதி என்ற உங்கள் கேள்வி. இதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இடம். யூனிட்டை நீங்கள் வாங்கிய தேதி என்பது பணம் வங்கியை விட்டுப் போன தேதி அல்ல; ஃபண்ட் நிறுவனம் உங்களுக்கு யூனிட்களை ஒதுக்கிய தேதி. 2021 பிப்ரவரி முதல், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், பணம் உண்மையில் ஃபண்டின் கணக்குக்கு வந்து சேர்ந்து, அதைப் பயன்படுத்தும் நிலைக்கு வந்த நாளின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலைதான் கிடைக்கும். டெப்ட் ஃபண்டுக்கு அந்த நாளின் கெடு மதியம் 3 மணி. 2023 மார்ச் 31 ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் பணம் அன்று 3 மணிக்குள் ஃபண்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அடுத்த வேலை நாளான திங்கட்கிழமை ஏப்ரல் 3-ஆம் தேதியின் விலைக்குத்தான் யூனிட் ஒதுக்குவார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட் அதைத்தான் காட்டுகிறது.

அந்த வாரத்தில் இப்படிப் பலருக்கு நடந்தது. மார்ச் 24 அன்று மக்களவையில் நிதி மசோதா திருத்தத்தோடு நிறைவேறியதும், மாத முடிவுக்குள் போட்டுவிட வேண்டும் என்று நிறையப் பேர் அவசரமாக முதலீடு செய்தார்கள். கடைசி நாளில் போட்டவர்களில் சிலரின் பணம் கெடுவைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. மார்ச் 31 தேதியிட்ட வங்கிப் பதிவை வைத்துக்கொண்டு, அந்த லாபத்துக்கு 12.5% என்று கணக்குக் காட்ட முயலாதீர்கள். ஃபண்டின் பதிவாளர் அனுப்பும் அறிக்கையில் ஏப்ரல் 3 என்றுதான் இருக்கும். அதே விவரம் வருமான வரித் துறைக்கும் போகிறது.

அப்புறம், 5,20,000 ரூபாய் எடுக்கும்போது எந்த யூனிட் போகிறது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு ஃபோலியோவுக்குள், ஒரு திட்டத்தில், முதலில் வாங்கியது முதலில் வெளியேறும். பதிவாளர்களான கேம்ஸும் கேஃபின்டெக்கும் தரும் மூலதன ஆதாய அறிக்கை இந்த வரிசையில்தான் இருக்கும்.

உங்கள் எண்களை வைத்துப் பார்ப்போம். என்.ஏ.வி.க்களை நான் கணக்கு எளிதாக வருவதற்காக முழு எண்களாக வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்டில் இருப்பதை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் என்.ஏ.வி. 25 ரூபாய் என்றால் 3 லட்சத்துக்கு 12,000 யூனிட். 2023 ஏப்ரல் 3 அன்று 27 ரூபாய் என்றால் 1,35,000-க்கு 5,000 யூனிட். 2024 ஜனவரியில் 28.50 என்றால் 2,28,000-க்கு 8,000 யூனிட். மொத்தம் 25,000 யூனிட். முதலீட்டின்போது பிடிக்கும் 0.005% முத்திரைக் கட்டணத்தை விட்டுவிட்டேன். 3 லட்சத்துக்கு அது வெறும் 15 ரூபாய்தான்.

பிப்ரவரியில் என்.ஏ.வி. 32.50 என்று வைத்துக்கொண்டால், 5,20,000 ரூபாய்க்கு 16,000 யூனிட்களை விற்க வேண்டும். வரிசைப்படி முதலில் 2021-இன் 12,000 யூனிட்களும் வெளியேறும். மீதி 4,000 யூனிட் ஏப்ரல் 2023 தொகுப்பிலிருந்து போகும். ஜனவரி 2024 தொகுப்பு அப்படியே இருக்கும்.

முதல் தொகுப்பில் யூனிட்டுக்கு 7.50 ரூபாய் லாபம். 12,000 யூனிட்டுக்கு 90,000 ரூபாய். இது நீண்ட கால ஆதாயம். 12.5% வீதம் வரி 11,250 ரூபாய்.

இரண்டாவது தொகுப்பில் யூனிட்டுக்கு 5.50 ரூபாய் லாபம். 4,000 யூனிட்டுக்கு 22,000 ரூபாய். இது குறுகிய கால ஆதாயமாகக் கருதப்படும். 30% வீதம் 6,600 ரூபாய்.

இரண்டும் சேர்ந்து 17,850. அதன் மேல் 4% செஸ் 714. ஆக மொத்தம் 18,564 ரூபாய். இரண்டாவது தொகை மார்ச் 31 அன்றே யூனிட்டாக மாறியிருந்தால் இது 14,560 ஆக இருந்திருக்கும். ஒரு வேலை நாள் தள்ளிப்போனதன் விலை, இந்த 4,000 யூனிட்டுக்கு மட்டும், 4,004 ரூபாய்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மொபைல் செயலியைத் திறந்தால் 'சராசரி வாங்கிய விலை' என்று ஒன்று காட்டும். உங்கள் கணக்கில் அது 26.52 ரூபாய். அதை வைத்து 16,000 யூனிட்டைப் பெருக்கினால் லாபம் 95,680 ரூபாய்தான் வரும். உண்மையில் வரிக்கு உரிய லாபம் 1,12,000 ரூபாய். முதலீடு எப்படிப் போகிறது என்று பார்க்க சராசரி போதும். வரிக்கு அதைத் தொடவே கூடாது. மொத்த லாபம் மாறுவதோடு, அதில் எவ்வளவு 12.5%-இல் வரும், எவ்வளவு 30%-இல் வரும் என்ற பிரிவினையே அதில் தொலைந்துபோகிறது. நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு: விற்ற யூனிட் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வாங்கிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத பதிவு ஒன்று இருந்தாலும் கணக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் நிலையில் நான் கட்டாயம் யோசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 2028-ல் ஓய்வு பெறப் போகிறீர்கள். இன்று 30% வரம்பு. அதன்பின் அநேகமாக அதைவிடக் குறைவு. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய யூனிட்டின் வரி, விற்கும் ஆண்டில் உங்கள் வரம்பு என்னவோ அதைப் பொறுத்தது. விற்காமல் இருக்கும்வரை அதற்கு வரியே இல்லை. வங்கி வைப்பு நிதியின் வட்டி போல ஆண்டுதோறும் வருமானத்தில் சேராது. ஆகவே அந்த யூனிட்களை ஓய்வு பெறும்வரை தொடாமல் விடுவதில் உங்களுக்கு உண்மையான லாபம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிப்ரவரியில் 3,90,000 ரூபாய் மட்டும் எடுத்தால், 2021-இன் 12,000 யூனிட்டுகள் மட்டுமே வெளியேறும். வரி 11,250, செஸ் 450. மீதிக் கட்டணமான 1,30,000-ஐச் சேமிப்புக் கணக்கிலிருந்தோ முதிர்ச்சியடையும் வைப்பு நிதியிலிருந்தோ கொடுக்க முடியுமானால், செஸ்ஸோடு சேர்த்து 6,864 ரூபாய் வரி இப்போது வராது. மிஞ்சும் 13,000 யூனிட்களை ஓய்வுக்குப் பிறகு விற்கும்போது என்.ஏ.வி. 38 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 2023 தொகுப்பில் 55,000, ஜனவரி 2024 தொகுப்பில் 76,000, மொத்தம் 1,31,000 ரூபாய் லாபம். அந்த ஆண்டில் உங்கள் மற்ற வருமானம் 9 லட்சம், நீங்கள் புதிய வரி முறைக்கு மாறிவிட்டீர்கள் என்றால் மொத்தம் 10,31,000. இன்றைய விதிப்படி புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்ஜியமாகிவிடும். அதே லாபத்துக்கு 30% வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு 40,872 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. 50ஏஏ பிரிவின் லாபத்துக்குத் தனி விகிதம் கிடையாது. சாதாரண வரம்பு விகிதம்தான். அதனால் அதற்கான வரியும் 87ஏ தள்ளுபடிக்குள் வருகிறது. ஆனால் 12.5% என்பது சிறப்பு விகிதம். புதிய முறையில் சிறப்பு விகித வரிக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது. 2025-26 நிதியாண்டு முதல் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, வருமானம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு 'குறுகிய காலம்' என்று முத்திரை குத்தப்பட்ட யூனிட்டுக்கு வரியே வராமல் போகலாம். 'நீண்ட கால' யூனிட்டுக்கு 12.5% வரலாம். பெயரைப் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்ய முடியாது. உங்கள் விஷயத்தில் இது கச்சிதமாக அமைகிறது: வரம்பு உயரத்தில் இருக்கும் இப்போது 12.5% யூனிட்களை விற்பதும், வரம்பு தாழும்போது மற்றவற்றை விற்பதும்தான் சரியான வரிசை. முதலில் வாங்கியது முதலில் என்ற விதியும் தற்செயலாக அதற்கே ஒத்துழைக்கிறது.

உங்கள் மனைவிக்கோ பெற்றோருக்கோ சொந்த வருமானத்தில் இதேபோல் பழைய, புதிய முதலீடுகள் ஒரே ஃபோலியோவில் கலந்திருந்து, அவர்களின் வருமானமும் குறைவாக இருந்தால் நிலைமை தலைகீழ். அவர்களுக்குப் புதிய யூனிட்களை முதலில் விற்பதே நல்லது, ஆனால் வரிசை விதி பழையவற்றைத்தான் வெளியே தள்ளும். அந்த வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் தனித்தனி என்பதால், இனிமேல் போடும் பணத்தைப் புதிய ஃபோலியோவில் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதை இதற்காகப் பிரிக்க வழியில்லை.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். கட்டணம் குறைவு என்பதற்காக, ரெகுலர் திட்டத்திலிருந்து அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்துக்கு யூனிட்களை மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். யோசனை நல்லதுதான், ஆனால் அப்படி மாற்றுவது வரிக் கணக்கில் ஒரு விற்பனை, பிறகு ஒரு புதிய வாங்குதல். கையில் ஒரு ரூபாய் வராமலேயே அந்த ஆண்டில் வரி வந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, 2021-இல் வாங்கிய யூனிட்டின் பழைய தேதி அழிந்து, மாற்றிய நாள் புதிய தேதியாகிவிடும். அதன்பின் வரும் லாபம் முழுக்க 50ஏஏ பிரிவுக்குள் போய்விடும். ஃபண்ட் நிறுவனமே இரண்டு திட்டங்களை செபி விதிகளின்படி ஒன்றாக இணைத்தால் அது வேறு. அங்கே பழைய தேதியும் பழைய விலையும் உங்களைத் தொடர்ந்து வரும். இடையில் இப்படி ஏதேனும் மாற்றம் செய்திருந்தால், மேலே சொன்ன கணக்கைப் போடும் முன் ஸ்டேட்மென்டில் 'ஸ்விட்ச்' என்று ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏப்ரல் வரை காத்திருப்பதால் பலனே இல்லையா என்றால், விகிதத்தில் இல்லை, கட்டும் காலத்தில் உண்டு. கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூன் வரை நேரம் இருந்தால், 2026 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்பது அடுத்த நிதியாண்டின் வருமானமாகும். வரி கட்டுவதும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். அன்று முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். ஆனால் டெப்ட் ஃபண்டுக்கான இந்த விதி அப்படியே தொடர்கிறது.

பிப்ரவரியிலேயே விற்றால், ஃபண்ட் நிறுவனம் வரி எதையும் பிடிக்காமல் முழுத் தொகையையும் தரும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ரீடெம்ப்ஷனில் டி.டி.எஸ். இல்லை. முழுப் பணம் வந்ததால் வரி முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சம்பளத்தில் பிடித்தது போக உங்கள் வரி 10,000 ரூபாயைத் தாண்டுவதால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். விற்ற பிறகு வரும் தவணையான மார்ச் 15-க்குள் கட்டிவிட்டால், முந்தைய தவணைகளைக் கட்டாததற்கு வட்டி வராது. ரிட்டர்னை ஐ.டி.ஆர்-1-இல் தாக்கல் செய்ய முடியாது, ஐ.டி.ஆர்-2 தேவை. அதில் 90,000-ஐ நீண்ட கால ஆதாயத்திலும், 22,000-ஐ வரம்பு விகிதத்தில் வரி வரும் குறுகிய கால ஆதாயத்திலும் தனித்தனியே காட்டுங்கள். ஆண்டுத் தகவல் அறிக்கையில் விற்ற தொகை தானாக வந்திருக்கும். வாங்கிய விலையும் காலப் பிரிவும் அதில் சரியாக இல்லையென்றால், பதிவாளரின் மூலதன ஆதாய அறிக்கையில் உள்ளதையே நிரப்பி, அந்த அறிக்கையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.